47 ரெஸ்யூமே வந்த கதை: வேலை இருக்கிறது என்று குழுவில் எப்படிச் சொல்வது?

வாசகர் கேள்வி

"நான் கட்டுமானத் துறையில் சேஃப்டி ஆபிசர். சிங்கப்பூர் வந்து 14 வருஷம் ஆகிறது. எங்கள் துறைக்காரர்கள் 240 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். போன வாரம் ஒருவர், 'அண்ணே, வயசு 38, எஸ் பாஸ், இந்த மாசம் 31ஓட வேலை முடியுது, சேஃப்டி கோஆர்டினேட்டர் வேலை எதுவும் இருந்தா சொல்லுங்க' என்று கேட்டார். எங்கள் கம்பெனியின் துவாஸ் சைட்டுக்கு அதே வேலைக்கு ஆள் தேவை. எச்ஆர் 6ஆம் தேதி MyCareersFuture தளத்தில் விளம்பரமும் போட்டுவிட்டது. நான் குழுவில், 'எங்க கம்பெனில சேஃப்டிக்கு ஆள் எடுக்கிறாங்க, நல்ல சம்பளம், பிஎம் பண்ணுங்க' என்று போட்டேன். இரண்டே நாளில் 47 ரெஸ்யூமே. சிலர் பாஸ்போர்ட், பெர்மிட் அட்டை படமெல்லாம் அனுப்பிவிட்டார்கள். ஒருவர், வேலை கிடைத்தால் 2,000 வெள்ளி தருகிறேன் என்கிறார். கம்பெனியில் ரெஃபரல் போனஸ் 500 வெள்ளி உண்டு, அதை வாங்கலாமா? சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்று நினைத்துத்தான் விட்டேன். விளம்பரத்தில் 3,600 முதல் 4,500 வரை என்று இருக்கிறது. 'நம்ம ஊர் ஆட்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் கூட்டம் குறைந்திருக்குமா? கேட்டவரோ தினமும் 'என்னாச்சுண்ணே' என்கிறார்."

பதில்

நீங்கள் குழுவில் போட்ட வரியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வேலை தேடுகிறவனாக என்னை நினைத்துப் படித்துப் பார்த்தேன். கம்பெனி பெயர் இல்லை. ஆபிசரா, கோஆர்டினேட்டரா, சூப்பர்வைசரா தெரியவில்லை. எந்த பாஸுக்கு, எந்த இடத்தில், என்றைக்குள் என்பதும் இல்லை. இருப்பதெல்லாம் 'நல்ல சம்பளம்', 'பிஎம் பண்ணுங்க'. இந்த இரண்டும் சேர்ந்தால் 240 பேரில் 47 பேர் அனுப்பத்தான் செய்வார்கள். தனக்குப் பொருந்தாது என்று முடிவு செய்ய அவர்களுக்கு நீங்கள் எதையுமே கொடுக்கவில்லையே!

கட்டுமானக் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். வேலை மோசடிக்காரர்கள் போடும் செய்தியும் அச்சு அசலாக உங்கள் வரி மாதிரியேதான் இருக்கும். கம்பெனி பெயர் இருக்காது, சம்பளம் 'நல்லது' என்று இருக்கும், தனியே பேசச் சொல்வார்கள். நீங்கள் நிஜமான வேலையைத்தான் சொன்னீர்கள், சந்தேகமில்லை. ஆனால் படிக்கிறவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. பல வருஷத்துக்கு முன் இப்படிப்பட்ட பெயரில்லாத செய்தி ஒன்றை நானே, 'பாவம், யாருக்காவது உதவும்' என்று நினைத்து, விசாரிக்காமல் இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிட்டேன். ஒரு பையன் அதை நம்பி 'ஃபைல் சார்ஜ்' என்று 1,500 வெள்ளி கட்டினான். அப்படி ஒரு வேலையே இல்லை. 'நீங்க அனுப்புனதுனாலதான்கா நம்புனேன்' என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். கேட்டவர் தன் வரியிலேயே மூன்று தகவல் கொடுத்திருக்கிறார்: வயது 38, எஸ் பாஸ், 31ஆம் தேதி. மூன்றும் முக்கியமானவை. உங்கள் பதில் அந்த மூன்றுக்கும் பதிலாக இருந்திருக்க வேண்டும்.

31ஆம் தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள்

வேலை கேட்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, நீங்கள் சொல்லும் வேலை அவருக்கு நேரத்துக்கு வந்து சேருமா என்பது. இங்கே எஸ் பாஸுக்கோ இ-பாஸுக்கோ விண்ணப்பிக்கும் முன் கம்பெனி அந்த வேலையை MyCareersFuture தளத்தில் தொடர்ந்து 14 நாளாவது விளம்பரம் செய்திருக்க வேண்டும். 2023 செப்டம்பருக்கு முன்பு இது 28 நாளாக இருந்தது. பத்துப் பேருக்கும் குறைவான கம்பெனி போன்ற சில விலக்குகள் உண்டு. உங்கள் கம்பெனி அந்த விலக்குகளில் வராது என்று வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் எச்ஆர் 6ஆம் தேதி போட்டிருக்கிறது. 14 நாள் 19ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குப் பிறகுதான் பாஸ் விண்ணப்பம் போக முடியும். நேர்காணல், தேர்வு, சான்றிதழ் பார்ப்பது எல்லாம் ஒரு வாரம் என்று வைத்தால் 28ஆம் தேதி வாக்கில் விண்ணப்பம் போகும். எஸ் பாஸ் முடிவு பெரும்பாலும் பத்து வேலை நாளில் வந்துவிடும், ஆக அடுத்த மாதம் 11, 12 தேதி. அவருடைய வேலை 31ஆம் தேதி முடிகிறது. பழைய கம்பெனி ஒரு வாரத்துக்குள் பாஸை ரத்து செய்ய வேண்டும், ரத்தானதும் 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். ஆக, 12ஆம் தேதி அந்த 30 நாளுக்குள் விழுகிறது. நெருக்கம்தான், ஆனால் முடியும்.

இதே வேலையை உங்கள் எச்ஆர் 25ஆம் தேதி விளம்பரம் செய்திருந்தால் கதை வேறு. விளம்பரம் முடியவே அடுத்த மாதம் 7ஆம் தேதி ஆகியிருக்கும். தேர்வு, முடிவு என்று போனால் மாதக் கடைசியைத் தொட்டிருக்கும். அவர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அதனால்தான் விளம்பரம் போட்ட தேதி, முடியும் தேதி இரண்டையும் செய்தியில் எழுதச் சொல்கிறேன். 'அர்ஜென்ட், உடனே சேரலாம்' என்ற சொல்லை எஸ் பாஸ்காரரிடம் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நீங்களும் எழுதாதீர்கள். அந்த 30 நாளில் அவர் வேலை செய்யக்கூடாது. ஐபிஏ என்ற முன் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது என்று சைட்டில் 'சும்மா ரெண்டு நாள் பார்த்துக்கிறேன்' என்று நிற்பதும் கூடாது. பாஸ் வழங்கப்பட்ட பிறகுதான் வேலை.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த 14 நாள் விளம்பரம் சடங்குக்காகப் போடுவதல்ல. உள்ளூர்க்காரர்களுக்கு நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவரை முன்பே முடிவு செய்துவிட்டு விளம்பரத்தை ஒப்புக்குப் போட்ட கம்பெனிகளின் பாஸ் சலுகையில் மனிதவள அமைச்சு கை வைக்கும். ஆகவே கேட்டவரிடம் தனியே, 'இடம் உனக்குத்தான் தம்பி, கவலைப்படாதே' என்று சொல்லியிருந்தால் அதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள். அது உங்கள் வாயில் வரக்கூடாத வாக்கியம்.

3,600 முதல் 4,500 வரை, ஆனால் 38 வயது

சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்று நினைத்தீர்கள். MyCareersFuture விளம்பரத்தில் சம்பள அளவு யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கே அதிலிருந்துதானே தெரிந்தது? எச்ஆர் ஊருக்குக் காட்டிய எண்ணை நீங்கள் மறைத்ததில் நஷ்டம் கேட்டவருக்குத்தான்.

எப்படி என்று சொல்கிறேன். எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி என்று எல்லாரும் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு அதுதான் கணக்கு. ஆனால் அது இளைஞர்களுக்கு. 23 வயதுக்கு மேல் வயது கூடக் கூட அந்தத் தொகையும் ஏறும், 45 வயதில் 4,800 வெள்ளியில் போய் நிற்கும். 38 வயதுக்காரருக்கு அது 4,300 வெள்ளிக்குச் சற்று மேலே வரும். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் Self-Assessment Tool என்று ஒன்று இருக்கிறது. அதில் வயதையும் சம்பளத்தையும் போட்டால் துல்லியமாகச் சொல்லிவிடும், ஐந்து நிமிட வேலை.

இப்போது உங்கள் கம்பெனி எண்ணைப் பாருங்கள். 3,600 முதல் 4,500 வரை என்றால், அந்த மனிதருக்கு அதில் மேல்மட்டத்து இருநூறு வெள்ளிதான் பயன்படும். கம்பெனி 3,900 கொடுக்க நினைத்தால் அவருக்கு பாஸ் கிடைக்காது, எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும். குழுவில் இருக்கும் 26 வயதுக்காரருக்கோ நிரந்தரவாசிக்கோ அதே 3,900 சரியாக இருக்கும். ஒரே வேலை, மூன்று பேருக்கு மூன்று அர்த்தம். 'நல்ல சம்பளம்' என்ற சொல் மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது.

எண் எழுதும்போது அது நிலையான மாதச் சம்பளமா, ஓடி, அதாவது ஓவர்டைம், சேர்த்ததா என்பதையும் எழுதுங்கள். பாஸ் கணக்கில் ஓடி வராது. சைட்டில் 'கையில நாலாயிரத்து ஐநூறு வரும்' என்று பெருமையாகச் சொல்வார்கள், அதில் ஓடி 900 இருக்கும். அதை நம்பி விண்ணப்பித்தவர் நிராகரிப்புக் கடிதத்தைப் பார்த்துத்தான் விழிப்பார்.

இந்த இடத்தில் குழுவில் யாராவது ஒரு 'வழி' சொல்வார்கள்: பேப்பரில் 4,400, கையில் 3,700, மீதியைத் திருப்பிக் கொடு. அமைச்சிடம் பொய்ச் சம்பளம் காட்டுவது குற்றம். வேலைக்காகப் பணத்தைத் திருப்பி வாங்குவது தனிக் குற்றம். இதற்கு நீங்கள் தூது போனாலும் விசாரணையில் உங்கள் பெயர் வரும்.

இதையும் எச்ஆரிடம் கேளுங்கள்

எஸ் பாஸ் கோட்டா இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கட்டுமானத்தில் மொத்த ஊழியர் கணக்கில் 15 விழுக்காடு வரைதான் எஸ் பாஸ். கோட்டா நிரம்பியிருந்தால் 14 நாளும் சம்பளமும் பொருந்தியும் பயனில்லை. ஒரு உள்ளூர்க்காரர் வேலையை விட்டாலே அந்த எண்ணிக்கை ஆடும். 'இந்த இடத்துக்கு எஸ் பாஸ் விண்ணப்பிக்க கோட்டா இருக்கா, இல்லை குடிமக்கள், நிரந்தரவாசிகள் மட்டும்தானா?' என்று எச்ஆரிடம் ஒரே வாக்கியம் கேட்டால் போதும். நான் பார்த்தவரை, வாய்வழி வரும் வேலைகள் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான்.

அடுத்தது வேலையின் பெயர். 'சேஃப்டிக்கு ஆள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே ஆபிசர், உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒப்பந்தத் தொகை ஒரு கோடி வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள சைட்டுக்கு ஆபிசர் வேண்டும், அதற்குக் கீழே கோஆர்டினேட்டர். ஆபிசருக்கு அமைச்சில் பதிவு வேண்டும். ஸ்பெஷலிஸ்ட் டிப்ளமா முடித்த கையோடு தன்னை 'ஆபிசர்' என்று எழுதிக்கொள்கிறவர்கள் நம் குழுக்களில் நிறைய. டிப்ளமா இருப்பது வேறு, பதிவு இருப்பது வேறு. கோஆர்டினேட்டர் வேலைக்கு அட்வான்ஸ்டு சர்டிஃபிகேட் கேட்பார்கள். எந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று ஒரே வரி எழுதியிருந்தால், அந்த 47இல் பாதி வந்திருக்காது என்பது என் கணிப்பு.

நம்ம ஊர் ஆட்களுக்கு மட்டும்?

வேண்டாம். கூட்டம் குறையும், பிரச்சினை கூடும். நியாயமான வேலை நடைமுறைக்கான முத்தரப்பு வழிகாட்டிகள் வேலை விளம்பரத்தில் இனம், நாடு, மதம், வயது போன்றவற்றைச் சொல்வதைத் தடுக்கின்றன. நீங்கள் கம்பெனி ஊழியர், கம்பெனியின் வேலையைச் சொல்கிறீர்கள். அந்தச் செய்தியை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுத்தால், 'அது நான் தனிப்பட்ட முறையில் போட்டது' என்பதை எச்ஆர்தான் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும். வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. 2027 முடிவுக்குள் நடப்புக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

தமிழ் உண்மையிலேயே வேலைக்குத் தேவை என்றால் காரணத்தோடு சொல்லலாம். காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கைத் தமிழ் பேசும் தொழிலாளர்களுக்கு நடத்த வேண்டும் என்றால் அப்படியே எழுதுங்கள். அப்போது தமிழ் பேசத் தெரிந்த யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது எச்ஆர் விளம்பரத்திலும் இருக்க வேண்டும், நீங்களாகச் சேர்க்கக்கூடாது.

47 கோப்புகளும் 2,000 வெள்ளியும்

கைப்பேசியில் 47 பேருடைய பிறந்த தேதி, முகவரி, சிலருடைய பாஸ்போர்ட் எண், ஃபின் எண் எல்லாம் கிடக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரே பதில் அனுப்புங்கள்: 'நான் ரெஸ்யூமே வாங்குவதில்லை, நேரே கம்பெனிக்கு அனுப்புங்கள், முகவரி இது, உங்கள் கோப்பை அழித்துவிட்டேன்.' பிறகு உண்மையிலேயே அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் மட்டுமல்ல, கேலரியிலும். முதல் விண்ணப்பத்துக்கு பாஸ்போர்ட் படமும் பெர்மிட் படமும் தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஆட்கள் யார் கேட்டாலும் அதை அனுப்பிவிடுகிறார்கள்.

உங்கள் சொந்தக் கம்பெனி எச்ஆருக்கு, கம்பெனியின் ரெஃபரல் முறைப்படி ஒருவரை அறிமுகம் செய்வது சரி. இவ்வளவு ரெஸ்யூமே கையில் இருக்கிறதே என்று மற்ற கம்பெனி நண்பர்களுக்கும் பிரித்து அனுப்ப ஆரம்பித்தால் அது வேலை முகவர் செய்கிற வேலை. அதற்கு உரிமம் வேண்டும். 'காசு வாங்கலையே' என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. உரிமமில்லாமல் முகவர் வேலை செய்தால் 80,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

500 வெள்ளி ரெஃபரல் போனஸை வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி தன் கொள்கைப்படி, தன் பணத்திலிருந்து, சம்பளத்தோடு தருவது அது. ஒரே ஒரு நிபந்தனை, போனஸ் இருப்பதை நீங்கள் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வாங்கி, பிறகு தெரியவந்தால், குழுவில் உங்கள் உதவிக்கே வேறு பெயர் வைத்துவிடுவார்கள். நேர்காணல் குழுவில் நீங்களும் உட்காரப் போகிறீர்கள் என்றால் போனஸ் உண்டா இல்லையா என்று எச்ஆரிடம் முதலிலேயே கேளுங்கள்.

அந்த 2,000 வெள்ளி முற்றிலும் வேறு. வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு வேலை கொடுப்பதற்காகவோ வேலையில் வைத்திருப்பதற்காகவோ யாரும் பணம் வாங்கக்கூடாது என்று வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டம் சொல்கிறது. முதலாளிக்கு மட்டும் என்றில்லை, நடுவில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான். தண்டனை 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். லஞ்ச ஒழிப்புச் சட்டமும் அதன்மேல் வரலாம். அந்த மனிதரிடம் எழுத்திலேயே, 'பணம் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்' என்று பதில் போட்டுவிடுங்கள். பேசாமல் விட்டுவிட்டால், நாளை அவருக்கே வேலை கிடைத்தால் அந்தச் செய்தி உங்கள் கைப்பேசியில் பதிலில்லாமல் கிடக்கும்.

நான் எழுதியிருந்தால்

உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை வைத்து எழுதிப் பார்த்தேன். வெற்றிடங்களை எச்ஆரிடம் கேட்டு நிரப்புங்கள். போடும் முன், 'இதை வெளியே சொல்லலாமா' என்று அதே எச்ஆரிடம் காட்டிவிடுங்கள்.

> வேலை: சேஃப்டி கோஆர்டினேட்டர், ஒரு இடம்.
> கம்பெனி: …… (பதிவில் உள்ள முழுப் பெயர்). நான் இங்கே சேஃப்டி ஆபிசராக வேலை செய்கிறேன். தேர்வு செய்வது எச்ஆர், நான் இல்லை.
> இடம்: துவாஸ் சைட். வாரம் …… நாள், நேரம் …….
> நிலையான மாதச் சம்பளம்: 3,600 முதல் 4,500 வெள்ளி, ஓடி சேராமல்.
> கட்டாயம்: அட்வான்ஸ்டு சர்டிஃபிகேட், சைட் அனுபவம் …… ஆண்டு.
> பாஸ்: ……. எஸ் பாஸ் என்றால் உங்கள் வயதுக்கு இந்தச் சம்பளம் போதுமா என்று Self-Assessment Tool-இல் பார்த்துக்கொள்ளுங்கள்.
> விளம்பரம்: MyCareersFuture, வேலை எண் ……, 6ஆம் தேதி முதல் 19 வரை.
> விண்ணப்பிக்க: கம்பெனியின் …… மின்னஞ்சலுக்கு மட்டும். எனக்கு ரெஸ்யூமே, பாஸ்போர்ட், பெர்மிட் படம் அனுப்ப வேண்டாம்.
> எந்தக் கட்டணமும் இல்லை. யாராவது பணம் கேட்டால் அது இந்த வேலை இல்லை.
> சேர்ந்தால் எனக்குக் கம்பெனி ரெஃபரல் போனஸ் தரும்.

கொஞ்சம் நீளம்தான். ஆனால் படித்து முடிக்கும்போது ஒருவர் உங்களிடம் கேட்க எதுவும் மிச்சமில்லை, விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்பது மட்டும்தான் மிச்சம். கம்பெனி பெயரை, கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஏக்ராவின் பதிவில் யாரும் தேடிப் பார்க்கலாம், வேலை எண்ணைத் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். உங்களைத் தெரியாதவரும் சரிபார்க்க முடிகிறது. சந்தேகம் வருகிறவர்களுக்கு ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இருக்கிறது.

மின்னஞ்சல் முகவரியை ஏன் தனியே எழுதச் சொன்னேன் என்றால், MyCareersFuture முதன்மையாகக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நடத்தப்படும் தளம். எஸ் பாஸ்காரரிடம் அந்த இணைப்பை மட்டும் கொடுத்தால் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்பார். கம்பெனியின் சொந்த விண்ணப்ப வழியும் அவர் கையில் இருக்க வேண்டும். ஜிமெயில் முகவரி கொடுக்காதீர்கள், கம்பெனி பெயரில் முடியும் முகவரியாக இருக்கட்டும்.

20ஆம் தேதி காலையில் விளம்பரம் இன்னும் திறந்திருக்கிறதா, நீட்டித்திருக்கிறார்களா என்று பார்த்து, அதே செய்திக்குக் கீழே ஒரு வரி போடுங்கள். ஆள் எடுத்துவிட்டால், 'இடம் நிரம்பிவிட்டது' என்று போடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஆறு மாதம் கழித்தும் பழைய செய்தியைத் தோண்டி எடுத்து, தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி போன் பண்ணுவார்கள், என் அனுபவம்.

கடைசியாக, தினமும் 'என்னாச்சுண்ணே' என்று கேட்கிறவர். அவருக்குக் குழுவில் பதில் சொல்லாதீர்கள், தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். 38 வயதுக்கு எஸ் பாஸ் சம்பளம் எங்கே போய் நிற்கிறது, உங்கள் கம்பெனியின் எண் அதை எங்கே தொடுகிறது என்று கணக்கைக் காட்டிவிடுங்கள். கோட்டா பற்றி எச்ஆர் சொன்னதையும் சொல்லிவிடுங்கள், 'இல்லை' என்றாலும் சரி. விண்ணப்பித்த பிறகு முடிவைக் கேட்க வேண்டியது எச்ஆரிடம் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். 4,300க்குக் கீழே என்றால் அவர் இன்றைக்கே வேறு கம்பெனிகளைப் பார்க்க வேண்டும். 31ஆம் தேதிக்கு அவருக்கு இருப்பது கொஞ்ச நாள்தான், அதில் ஒரு வாரம் உங்கள் ஒற்றை வரியை நம்பியே போய்விட்டது.